பணம் வந்தது, எந்தப் பில்லுக்கு?

கோவையில் பம்புசெட் செய்யும் ஒரு பட்டறை. தேனியில் அந்தப் பம்புசெட்டுகளை வாங்கி விற்கும் ஒரு மோட்டார் கடை. இரண்டையும் நான் கற்பனையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இவர்களுக்கிடையே நடக்கும் கணக்கு, தமிழ்நாட்டில் எந்த மொத்த வியாபாரியின் பேரேட்டைப் புரட்டினாலும் கிடைப்பதுதான்.

ஏப்ரல் 8ஆம் தேதி பட்டறை 82,600 ரூபாய்க்கு ஒரு பில் போடுகிறது. அதன் எண் 112. மே 20 அன்று 59,000 ரூபாய்க்கு இன்னொன்று, எண் 131. கெடு பதினைந்து நாள். மே 27 அன்று கடைக்காரர் 40,000 ரூபாய் அனுப்பி, “புதுசா ஆர்டர் சொன்ன செட்டுக்கு அட்வான்ஸ்” என்று செய்தியும் போடுகிறார். ஜூன் 10 அன்று அவர் கணக்கிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வந்து விழுகிறது. இந்த முறை செய்தி எதுவும் இல்லை. ஜூன் 18 அன்று ஆர்டர் சரக்கு லாரி ஏறுகிறது. 1,18,000 ரூபாய்க்குப் பில், எண் 158.

கூட்டிக் கழித்தால் மூன்று பில்லும் சேர்ந்து 2,59,600 ரூபாய். வந்த பணம் 1,40,000. கடைக்காரர் தர வேண்டியது 1,19,600 ரூபாய். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. பணம் வந்ததை வங்கிக் கணக்கில் பற்று வைத்து, பார்ட்டி கணக்கில் வரவு வைத்துவிட்டால் பேரேடு தானாகவே 1,19,600 என்று காட்டிவிடும். இரட்டைப் பதிவு முறை கேட்பது அவ்வளவுதான்: பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும். அந்த வரவு எந்தப் பில்லுக்குப் போனது என்று அது கேட்பதே இல்லை. சிக்கல் பிறப்பது அங்கேதான். பேரேட்டின் மொத்தம் சரியாக இருக்கும்போதே அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பில்லும் தவறாக இருக்க முடியும். இருப்புப் பட்டியல் பொருந்தினால் பிழை இல்லை என்று நினைப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

இதே ஐந்து பதிவுகளை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

முதல் கணக்கர் பொறுமையாக எழுதுகிறார். 40,000 ரூபாயை எந்தப் பில்லோடும் சேர்க்காமல், அட்வான்ஸ் என்று தனிப்பெயர் கொடுத்து நிறுத்திவைக்கிறார். ஒரு லட்சத்தில் 82,600 ரூபாயைப் பில் 112க்கு வைத்து அதை முடிக்கிறார். மிச்சம் 17,400 ரூபாய் பில் 131க்குப் பகுதிப் பணமாகப் போகிறது. பில் 158 போடும்போது நிறுத்திவைத்த 40,000 ரூபாயை அதில் கழிக்கிறார். இப்போது பாக்கி இரண்டு இடத்தில் மட்டும்: பில் 131இல் 41,600, பில் 158இல் 78,000. இரண்டும் சேர்ந்து 1,19,600.

இரண்டாமவருக்கு அவசரம். வந்த இரண்டு தொகையையும் பார்ட்டி பெயரில் பொதுவாக வரவு வைத்துவிட்டு நகர்கிறார். பேரேடு 1,19,600 என்கிறது. ஆனால் பில் வாரியான பாக்கிப் பட்டியலில் மூன்று பில்லும் ஒரு ரூபாய் குறையாமல் திறந்தே நிற்கின்றன. மறுபக்கம் ஒட்டுதலில்லாத 1,40,000 ரூபாய் வரவு அந்தரத்தில் தொங்குகிறது. ஜூலையில் வசூலுக்குப் போகும் பையன் அந்தப் பட்டியலைப் பார்த்து, “அண்ணே, ஏப்ரல் பில்லு எண்பத்திரண்டாயிரத்து அறுநூறு இன்னும் நிக்குதே” என்று போன் போடுவான். பணம் கட்டியவருக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? கணக்கு நேராகும்வரை அடுத்த பணத்தை நிறுத்திவிடுவார். அவர் செய்வது நியாயமும்கூட.

மூன்றாமவர் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பணம் வந்தாலும் பழைய பில்லுக்கு முதலில் என்பது அந்த விதி. அவர் கைக்கு வந்ததும் அட்வான்ஸ் 40,000 பில் 112க்குப் போய்விடுகிறது. ஒரு லட்சத்தில் 42,600 அதை முடிக்க, மீதி 57,400 பில் 131க்குப் போகிறது. பில் 131இல் 1,600 ரூபாய்தான் பாக்கி. பில் 158 முழுசாக 1,18,000. கூட்டினால் இதுவும் 1,19,600. பார்க்க மிக ஒழுங்கான கணக்கு. ஆனால் கடைக்காரர் தன் கணக்குப்படி பில் 158க்கு 78,000 ரூபாய் அனுப்பி, “இந்தப் பில்லு முடிஞ்சது” என்று சொல்லும்போது, பட்டறையின் ஏட்டில் 40,000 குறையும். அதைவிட மோசமான நிலையும் உண்டு. சரக்கு லாரி ஏறும் முன்பே ஆர்டர் ரத்தாகி, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார் என்று வையுங்கள். பட்டறையின் ஏட்டில் அப்படி ஒரு அட்வான்ஸே இருக்காது.

மூன்றாமவர் செய்தது வசதிக் குறைவு மட்டுமல்ல, சட்டப்படியும் தவறு. யார் பணத்தை எந்தக் கடனுக்கு வைக்கலாம் என்பதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 59, 60, 61 என்று மூன்று பிரிவுகளில் வரிசைப்படுத்தியிருக்கிறது. கணக்கர்களில் பலர் இதைச் சட்டம் என்று தெரியாமலே கடைப்பிடிக்கிறார்கள். அல்லது தெரியாமலே மீறுகிறார்கள்.

முதல் உரிமை பணம் கொடுப்பவருக்கு. அவர் கொடுக்கும்போது இன்ன கடனுக்கு என்று சொல்லிவிட்டால், வாங்கிக்கொள்பவர் அதற்கேதான் வைத்தாக வேண்டும். பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் இருக்கலாம். வாங்கிவிட்டு வேறு கடனுக்குத் திருப்ப முடியாது. “ஆர்டர் சொன்ன செட்டுக்கு அட்வான்ஸ்” என்ற ஒரு வரிச் செய்தி இந்த 59ஆம் பிரிவுக்குப் போதும். பில் 112 அப்போதே கெடு தாண்டிக் கிடந்தாலும் அந்த 40,000 அதற்குப் போகாது.

வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சூழ்நிலையே சொன்னாலும் செல்லும். சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது: ஒருவருக்குப் பல கடன்கள், அதில் ஒன்று 567 ரூபாய். கடன் கொடுத்தவர் அந்த 567 ரூபாயைக் கேட்டு எழுதுகிறார். வந்து சேர்வது சரியாக 567 ரூபாய். அது அந்தக் கடனுக்கே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த உதாரணத்தைத்தான் கணக்கர்கள் இன்றும் தினமும் செய்கிறார்கள். வந்த தொகையைப் பில் தொகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கொடுத்தவரும் சொல்லவில்லை, சூழ்நிலையும் காட்டவில்லை என்றால் உரிமை வாங்கியவருக்கு மாறுகிறது. இது 60ஆம் பிரிவு. கெடு வந்துவிட்ட எந்தக் கடனுக்கும் அவர் தன் விருப்பப்படி வைக்கலாம். காலாவதியாகி வழக்குப் போட முடியாமல் போன பழைய பாக்கிக்குக்கூட வைக்கலாம். இருவரும் எதையும் செய்யாவிட்டால்தான் 61ஆம் பிரிவு வருகிறது: பழைய கடன் முதலில் தீரும், ஒரே நாளில் எழுந்த கடன்கள் என்றால் விகிதப்படி பகிரப்படும். மூன்றாம் கணக்கர் நெஞ்சில் வைத்திருந்த பழைய-பில்-முதலில் விதி, வரிசையில் கடைசியாக நிற்கும் விதி. அவர் அதை முதலாவதாகப் பயன்படுத்தினார். வந்தது ஒரு லட்சம் மட்டும் என்றால் அவர் செய்ததில் குற்றமே இல்லை. அட்வான்ஸையும் அதே வாய்க்காலில் விட்டதுதான் தப்பு.

பழையது முதலில் என்ற விதி எவ்வளவு கடுமையாக வேலை செய்யும் என்பதற்கு 1816இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கிளேட்டன் வழக்கைச் சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். லண்டனில் ஒரு தனியார் வங்கி. அதன் பங்குதாரரான டெவெய்ன்ஸ் 1809இல் இறந்தார். அடுத்த ஆண்டு வங்கி நொடித்தது. வாடிக்கையாளரான கிளேட்டன், டெவெய்ன்ஸ் இறந்தபோது தன் கணக்கில் இருந்த பணத்துக்கு அவருடைய சொத்திலிருந்து ஈடு கேட்டார். ஆனால் இடையில் கிளேட்டன் பணம் எடுத்தும் போட்டும் வந்திருந்தார். எடுத்தவை முதலில் போட்ட பணத்தைத்தான் தீர்த்தன என்றது நீதிமன்றம். அப்படிப் பார்த்தால் டெவெய்ன்ஸ் காலத்துப் பணம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. நொடித்தபோது இருந்ததெல்லாம் அவர் இறந்த பிறகு போட்டது. கிளேட்டனுக்கு அந்தச் சொத்திலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. கணக்கின் மொத்த இருப்பில் எந்தத் தகராறும் இல்லை. எந்தப் பணம் எதைத் தீர்த்தது என்பதுதான் வழக்கு முழுவதும்.

இனி பகுதிப் பணம். குறைவாக வரும் பணம் எல்லாம் பகுதிப் பணம் அல்ல என்பதைத்தான் புதிதாகக் கணக்கு எழுத வருபவர்கள் கடைசியாகக் கற்றுக்கொள்கிறார்கள். எவ்வளவு குறைகிறது என்ற எண்ணே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். ஒரே 59,000 ரூபாய் பில்லை எடுத்துக்கொள்வோம். பொருளின் மதிப்பு 50,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 9,000.

இதற்கு 57,820 ரூபாய் வருகிறது. குறைவு 1,180. அது 59,000இல் சரியாக 2 சதவீதம். உடனே பணம் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்று பேசியிருந்தால், இது பகுதிப் பணம் அல்ல. பில் முழுசாக முடிந்துவிட்டது. வங்கியில் 57,820, கொடுத்த தள்ளுபடிக் கணக்கில் 1,180 என்று இரண்டு பற்றும், பார்ட்டி கணக்கில் பில்லின் பெயரில் 59,000 வரவும் எழுத வேண்டும். வந்ததை மட்டும் வரவு வைத்தால் 1,180 ரூபாய் அந்தப் பில்லில் ஒட்டிக்கொண்டு மார்ச் வரை வரும். தள்ளுபடி பேசவே இல்லை, கடைக்காரராகக் கழித்துக்கொண்டார் என்றால் கதை வேறு. அப்போது 1,180 பாக்கியாகவே நிற்க வேண்டும். நீங்களாகத் தள்ளுபடியில் எழுதிவிட்டால், அதை ஒப்புக்கொண்டதாக உங்கள் ஏடே சாட்சி சொல்லும்.

இப்போது அதே 59,000 பில் ஒரு பழுதுபார்ப்பு வேலைக்கானது என்றும், வேலை கொடுத்தது ஒரு கம்பெனி என்றும் வையுங்கள். வருவது 58,000. குறைவு 1,000. அது 59,000இல் எந்த ரவுண்டான சதவீதமும் இல்லை. ஆனால் வரி சேராத 50,000இல் 2 சதவீதம். ஒப்பந்த வேலைக்கு டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டுத்தான் டிடிஎஸ் கணக்கிடுவார்கள். இதுவும் முழுப் பணமே. அந்த ஆயிரம் உங்கள் வருமான வரிக்கு முன்கூட்டியே கட்டப்பட்ட பணம். டிடிஎஸ் வரவேண்டியது என்ற கணக்கில் 1,000 பற்று வைத்து, பில்லை முழுசாக மூட வேண்டும். மூடாமல் விட்டால் இரண்டு நஷ்டம். கட்டிவிட்டவரிடம் ஆயிரத்துக்காக அலைவீர்கள். வரிக் கணக்கில் கழிக்க வேண்டிய ஆயிரத்தையும் மறந்துவிடுவீர்கள். பில் போடும் உங்களுடையது தனிநபர் நிறுவனம் என்றால் பிடிப்பது 1 சதவீதம், பங்குதாரர் நிறுவனமோ கம்பெனியோ என்றால் 2 சதவீதம். எனவே 500 ரூபாய் குறைந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

மூன்றாவதாக, சரியாக 50,000 வருகிறது. குறைவு 9,000. இதற்கு அர்த்தம் வரியை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்பது. நீங்கள் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்து, அந்தப் பில் அவர்களுடைய உள்ளீட்டு வரிப் பட்டியலில் தெரிந்த பிறகுதான் மீதியை விடுவோம் என்று பல வாங்குநர்கள் நடைமுறை வைத்திருக்கிறார்கள். இதுதான் உண்மையான பகுதிப் பணம். 50,000ஐ அந்தப் பில்லுக்கே வரவு வைத்து, 9,000ஐத் திறந்து விட வேண்டும். பிறகு 9,000 தனியாக வரும்போது அது எந்தப் பில்லின் வால் என்று தேட வேண்டியதில்லை.

எந்தக் கணக்கிலும் பொருந்தாத ரவுண்டான தொகை, ஒரு லட்சம் மாதிரி வந்தால்? அது கையில் இருந்ததை அனுப்பியது. ஊகிக்காதீர்கள். கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே ஒதுக்கி, ஒதுக்கியதை அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்: “வந்த 1,00,000: பில் 112க்கு 82,600, பில் 131க்கு 17,400.” 60ஆம் பிரிவு தரும் உரிமை உங்கள் ஏட்டுக்குள் மட்டும் இருந்தால் நாளை அதை நிரூபிப்பது சிரமம். எதிராளிக்குத் தெரிவித்துவிட்டால் அது நிற்கும்.

கணினியில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் டேலிதான். ஒரு பார்ட்டியின் லெட்ஜரில் `Maintain balances bill-by-bill` என்பதற்கு `Yes` கொடுத்திருந்தால், ஒவ்வொரு பதிவிலும் தொகையை அடித்ததும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். அதற்கு நான்கு பதில்கள்: `New Ref`, `Agst Ref`, `Advance`, `On Account`. புதுப் பில் பிறக்கும்போது முதலாவது. இருக்கும் பில்லைத் தீர்க்கும்போது இரண்டாவது. பில் பிறக்கும் முன்பே பணம் வந்தால் மூன்றாவது. நான்காவது, எதற்கென்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் இடம். இரண்டாம் கணக்கர் தன் 1,40,000 ரூபாயை அங்கேதான் கொட்டினார். அந்த வசதி இருப்பது ஒரு நாள், இரண்டு நாளுக்கு. மாதக்கணக்கில் அங்கே பணம் கிடக்கிறது என்றால், யாரோ கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறார் என்று பொருள்.

ஜூன் 10 பதிவில் ஒரு லட்சத்தை அடித்ததும், `Agst Ref` தேர்ந்தால் திறந்திருக்கும் பில்களின் பட்டியல் வரும். 112ஐத் தேர்ந்து 82,600, அடுத்த வரியில் 131ஐத் தேர்ந்து 17,400. இரண்டு வரியும் சேர்ந்து ஒரு லட்சம் ஆனால்தான் டேலி விடும். பில் 131இன் பாக்கி தானாக 41,600 ஆகிவிடும், அதன் தேதி மே 20 ஆகவே இருக்கும். பகுதிப் பணத்தில் கவனிக்க வேண்டியது இந்தத் தேதிதான். பில்லின் வயது குறையக்கூடாது, தொகை மட்டும் குறைய வேண்டும். மீதிக்குப் புதுப் பில் போடுவது, மீதியை `New Ref` ஆக மாற்றுவது எல்லாம் பில்லை இளமையாக்கிக் காட்டும் வேலை. திரும்பி வந்த காசோலையிலும் இதே தவறு நடக்கும். காசோலை பவுன்ஸ் ஆனதும் பார்ட்டியை மறுபடி பற்று வைக்கும்போது பழைய பில் எண்ணையே தேர்ந்தால் பில் தன் பழைய வயதோடு உயிர்பெறும். புதுப் பெயர் கொடுத்தால் மூன்று மாதப் பாக்கி நேற்றுப் பிறந்ததாகத் தெரியும்.

மே 27 அட்வான்ஸுக்கு `Advance` தேர்ந்து, ADV/07 என்பது போல் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். இந்தப் பணம் வருமானம் அல்ல. சரக்கு கொடுக்கும்வரை அது கடைக்காரருக்குப் பட்டறை பட்டிருக்கும் கடன். மார்ச் 31 அன்று இப்படி அட்வான்ஸ் நின்றால், ஐந்தொகையில் அது பொறுப்புகள் பக்கம், வாடிக்கையாளர் முன்பணமாகத்தான் வர வேண்டும். மற்றவர்கள் தர வேண்டிய பாக்கியில் அதைக் கழித்துக் காட்டினால் வங்கிக்காரருக்கும் தணிக்கையாளருக்கும் தவறான படம் கிடைக்கும்.

அட்வான்ஸ் கெட்டுப்போவது பணம் வரும் நாளில் அல்ல, பில் போடும் நாளில். ஜூன் 18 அன்று 1,18,000 ரூபாய் விற்பனையைப் பதியும்போது டேலி அதே கேள்வியைக் கேட்கும். சரியான பதில் இரண்டு வரி: `Agst Ref`, ADV/07, 40,000. பிறகு `New Ref`, 158, 78,000. ஆனால் முதல் வரியிலேயே `New Ref` என்று நிற்கும். கை பழக்கத்தில் என்டர் தட்டும். 1,18,000 முழுவதும் புதுப் பாக்கி ஆகிவிடும். அட்வான்ஸ் ஒரு பக்கம், பில் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் வயதாகிக்கொண்டிருக்கும். கண்டுபிடித்தபின் விற்பனைப் பதிவைத் திருத்தலாம். அந்த மாதக் கணக்கு முடிந்துபோய் பழைய பதிவைத் தொட விருப்பமில்லை என்றால், ஒரு ஜர்னல் போதும். பற்றிலும் வரவிலும் அதே பார்ட்டி:

```
Dr  தேனி மோட்டார் கடை  40,000  Agst Ref  ADV/07
Cr  தேனி மோட்டார் கடை  40,000  Agst Ref  158
```

பேரேட்டின் இருப்பு ஒரு ரூபாயும் நகராது. பாக்கிப் பட்டியல் மட்டும் உண்மைக்குத் திரும்பும். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வரும் இந்தப் பதிவைப் பார்த்துச் சிலர் விழிப்பார்கள். பேரேடும் பில் பட்டியலும் இரண்டு வேறு கணக்குகள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அட்வான்ஸில் வரியும் இருக்கிறது. பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு அப்போதே ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பர் 15 முதல் நடைமுறை. பில் போடும்போது கட்டினால் போதும். ஆகவே தேனிக் கடையின் 40,000க்கு மே மாதத்தில் வரி இல்லை. சேவை அப்படி அல்ல. அதே பட்டறை ஒரு மில்லின் மோட்டார்களைப் பராமரிக்க 11,800 ரூபாய் முன்பணம் வாங்கினால், வாங்கிய மாதத்திலேயே வரி வந்துவிடும். அந்தத் தொகைக்குள் வரி அடங்கியிருப்பதாகக் கொண்டு, 11,800ஐ 18ஆல் பெருக்கி 118ஆல் வகுத்தால் 1,800. பணம் பெற்றதற்கு ரசீது வவுச்சர் கொடுத்து, ஜிஎஸ்டிஆர்-1இல் அட்வான்ஸுக்கான அட்டவணையில் காட்டி அந்த 1,800ஐக் கட்ட வேண்டும். பின்னர் பில் போடும்போது அட்வான்ஸை அதோடு சேர்க்க மறந்தால், பில்லின் முழு வரியும் மறுபடி கணக்காகும். 1,800 ரூபாய் இரண்டு முறை கட்டப்படும். அரசாங்கம் கூப்பிட்டுச் சொல்லாது.

வாங்குபவர் பக்கத்திலும் பில் எண் பணமாகவே மாறும். வாங்கிய பில்லுக்கு அதன் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கட்டாத பங்குக்குரிய உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 37. பணம் கொடுத்தபின் அந்த வரியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வட்டி போனது போனதுதான். பில் 131இன் 180 நாள் நவம்பர் 16 அன்று முடிகிறது. அதுவரை அதற்கு மேற்கொண்டு எதுவும் கட்டப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கரின் ஒதுக்கீட்டின்படி அதில் 41,600 நிற்கிறது. திருப்ப வேண்டிய வரி 9,000இல் அந்த விகிதம், அதாவது ஏறத்தாழ 6,346 ரூபாய். மூன்றாமவரின் ஒதுக்கீட்டின்படி 1,600 தான் நிற்கிறது. திருப்ப வேண்டியது 244 ரூபாய். ஒரே வியாபாரம், ஒரே பணம், ஒரே இருப்பு. தேனிக் கடைக்காரரும் கோவைப் பட்டறைக்காரரும் ஆளுக்கு ஒரு விதமாக ஒதுக்கியிருந்தால், தணிக்கையில் எது சரி என்று காட்ட இருவரிடமும் ஏதாவது எழுத்து இருக்க வேண்டும்.

கடன் வழக்கிலும் அப்படியே. சரக்கு விற்ற பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் காலம் முடியும் முன் பகுதிப் பணம் கொடுத்து, கொடுத்தவர் கையெழுத்தில் அதற்கு ஆதாரமும் இருந்தால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். கடன் காலாவதியான பிறகு வாங்கிய பணம் மீதியை உயிர்ப்பிக்காது. எந்தப் பில்லுக்கு, எந்தத் தேதியில் என்று எழுதாத வரவு அந்த நேரத்தில் பாதி ஆதாரம்தான்.

உங்கள் ஏட்டில் இந்தப் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். `Statements of Accounts` உள்ளே `Outstandings` திறந்து, ஒவ்வொரு பார்ட்டியாகப் பாருங்கள். ஒரே பார்ட்டியில் திறந்த பில்களும் ஒட்டாத வரவுகளும் ஒன்றாக இருந்தால் ஏதோ ஒன்று சேர்க்கப்படாமல் இருக்கிறது. `On Account` வரியில் தொகை இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். ஒரு பில் தன் தொகைக்கு மேல் தீர்க்கப்பட்டு எதிர்ப்பக்கம் போயிருந்தால், பக்கத்துப் பில்லின் பணம் அங்கே போயிருக்கிறது. ஆயிரம், ஆயிரத்து நூறு என்று சின்ன வால்கள் பல பில்களில் நின்றால் அவற்றில் பெரும்பாலானவை டிடிஎஸ்ஸோ தள்ளுபடியோதான். மேலே சொன்ன விகிதங்களை அவற்றின்மேல் வைத்துப் பாருங்கள்.

பிறகு பார்ட்டிக்கு இருப்பை மட்டும் அனுப்பி ஒப்புதல் வாங்காதீர்கள். 1,19,600 சரியா என்று கேட்டால் மூன்று கணக்கர்களுக்கும் “சரி” என்றுதான் பதில் வரும். பில் எண், பில் தொகை, வந்தது, நிற்பது என்று பட்டியலாக அனுப்புங்கள்.

பணம் அனுப்புபவராக இருந்தால் உங்களுக்கு இன்னும் எளிது. எந்தக் கடனுக்கு என்று சொல்லும் முதல் உரிமையைச் சட்டம் உங்களிடம்தான் கொடுத்திருக்கிறது. நெஃப்டோ யுபிஐயோ, குறிப்பு எழுதும் கட்டத்தைக் காலியாக விடாமல் பில் எண்ணை அடித்து அனுப்புங்கள். அட்வான்ஸ் என்றால் அட்வான்ஸ் என்றே எழுதுங்கள்.